பரிசாக வந்த சந்தா: காலம் முடிந்தால் தானாக நிற்குமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நம் குடியிருப்பில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், கம்பெனியின் பெயரும் இங்கே தேவையில்லை.

மே மாதம் அந்த அம்மா வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், மாதம் 149 ரூபாய் என்று ஐந்து இடத்தில் கழிந்திருக்கிறது. மொத்தம் 745 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்கள்.

"சார், இது என் பையன் அமெரிக்காவிலிருந்து வாங்கிக் கொடுத்த பாட்டு ஆப். ஒரு வருஷத்துக்கு அவனே பணம் கட்டிட்டான். வருஷம் முடிஞ்சதும் நான் ஆப்பையே அழிச்சிட்டேன். அப்புறம் எப்படி என் கணக்கிலிருந்து பணம் போகுது?"

நியாயமான கேள்வி. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

நமக்கெல்லாம் சந்தா என்றால் பத்திரிகைச் சந்தாதான் பழக்கம். நம் பக்கத்தில் ஆசிரமத்திலிருந்து வரும் 'மவுண்டன் பாத்' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் ஆர்தர் ஆஸ்பர்ன் தொடங்கிய காலாண்டிதழ். இப்படி ஒரு அச்சு இதழுக்கு உங்கள் பெயரில் யாராவது ஓராண்டுச் சந்தா கட்டினால், நான்கு இதழ் வரும். அதோடு முடிந்தது. மேலும் வேண்டுமானால் நாம்தான் மறுபடி பணம் அனுப்ப வேண்டும். சும்மா இருந்தால் சந்தா நின்றுவிடும்.

ஆப் சந்தா பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். சும்மா இருந்தால் தொடரும். நிறுத்தத்தான் நாம் ஏதாவது செய்ய வேண்டும். அந்த அம்மா பத்திரிகைக் கணக்கை ஆப்புக்கும் போட்டுவிட்டார்கள். தவறு அங்கேதான்.

வவுச்சர் பணம் எடுக்காது, மேண்டேட்தான் எடுக்கும்

வவுச்சர் என்பது ஒரு எண். பதினாறு எழுத்தோ பன்னிரண்டு எழுத்தோ இருக்கும். அந்த எண்ணுக்கு உங்கள் வங்கிக் கணக்கு தெரியாது. அதனால் வவுச்சர் மட்டும் போட்டிருந்தால், காலம் முடிந்த பிறகு உங்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வழியில்லை.

பணம் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் கணக்கில் ஒரு அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். அதற்குத்தான் மேண்டேட் என்று பெயர். யுபிஐ வழியாக என்றால் ஆட்டோபே என்கிறார்கள். நான் வங்கியில் இருந்த காலத்தில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்று ஒரு ரிஜிஸ்டரே வைத்திருந்தோம். மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து இந்தக் கணக்கில் போடு என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுப்பார். அதை ரத்து செய்ய வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். மேண்டேட் என்பது அதே ரிஜிஸ்டர்தான், இப்போது போனுக்குள் இருக்கிறது.

அந்த அம்மா எப்போது எழுதிக் கொடுத்தார்கள்? வவுச்சரைப் போட்ட அன்றே. மார்கழி மாதம், திருப்பாவை கேட்கட்டும் என்று மகன் வாட்ஸப்பில் அனுப்பிய எண்ணை ஆப்பில் போட்டிருக்கிறார்கள். அடுத்த திரையில் யுபிஐ ஐடி கேட்டிருக்கிறது. "இப்போது கட்டணம் எதுவும் இல்லை" என்று பெரிய எழுத்தில் இருந்ததாம். அதன் கீழே சின்ன எழுத்தில், பரிசுக் காலம் முடிந்த பிறகு மாதம் 149 ரூபாய் என்று இருந்திருக்கும். பின் நம்பர் போடச் சொன்னது, போட்டார்கள். சரிபார்ப்புக்காகக் கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பின் நம்பர்தான் கையெழுத்து. டிசம்பர் 20-இல் போட்டது, அடுத்த டிசம்பர் 20-இல் வேலையைத் தொடங்கியது.

ஆப்பை அழித்ததால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஆப் என்பது கடையின் வாசற்கதவு மாதிரி. கதவைச் சாத்திவிட்டால் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் அழியாது. கூகுள் பிளேயே இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆப்பை நீக்கினாலும் சந்தா ரத்தாகாது.

உங்கள் பரிசு எந்த வகை?

பரிசுச் சந்தா பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். எந்த வகை என்று தெரிந்தால், தொடருமா நிற்குமா என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வகை, எண் மட்டும் போட்டது. கார்டோ யுபிஐயோ கொடுக்கவில்லை. இது காலம் முடிந்ததும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வரும், பணம் போகாது.

இரண்டாம் வகை, எண்ணும் போட்டு, நம் கார்டையோ யுபிஐயையோ கொடுத்தது. இது தொடரும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். பணமாக வரும் கிஃப்ட் கார்டும் இதில் சேரும். நெட்ஃபிளிக்ஸ் கிஃப்ட் கார்டு போட்டால் அந்தத் தொகை கணக்கில் வரவாகி, மாதாமாதம் அதிலிருந்து கழியும். ஒரு மாதத்துக்குப் போதாமல் தொகை குறையும்போது, கணக்கில் கார்டு ஏதாவது பதிவாகியிருந்தால் அதிலிருந்து எடுக்கத் தொடங்கும். கார்டு புதிதாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றில்லை, என்றைக்கோ கொடுத்து மறந்ததாகவும் இருக்கலாம்.

மூன்றாம் வகை, பரிசு கொடுத்தவர் தன் கார்டிலேயே சந்தாவைத் தொடங்கி, நமக்கு லாகின் மட்டும் கொடுத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அதிகம். இதில் நம் கணக்கிலிருந்து எதுவும் போகாது, பிள்ளையின் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். நாம் பார்ப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருக்கும், அவர் அங்கே கட்டிக்கொண்டிருப்பார். இதை நிறுத்த வேண்டியவர் அவர்தான். "அதை இப்ப நான் பாக்கறதில்லப்பா" என்று ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடுங்கள்.

எந்த வகை என்று நினைவில்லையா? ஆப்பில் உங்கள் பெயரைத் தொட்டால் கணக்கு விவரம் வரும். அங்கே தேதிக்கு முன்னால் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். `Expires on` அல்லது `Ends on` என்று இருந்தால் அந்தத் தேதியோடு முடிகிறது. `Renews on` அல்லது `Next billing date` என்று இருந்தால் அந்தத் தேதியில் பணம் எடுக்கப் போகிறார்கள். பரிசு வந்த வாரமே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எப்படி நிறுத்தினோம்

இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். ஒன்று கம்பெனியிடம், இன்னொன்று நம் கணக்கில். ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

முதலில் ஆப்பைத் திரும்ப இறக்கினோம். எந்த நம்பரில் பழைய கணக்கு இருந்ததோ அதே நம்பரில் லாகின் செய்தோம். வேறு நம்பரில் போனால் புதுக் கணக்கு திறந்து, சந்தாவே இல்லை என்று காட்டும். அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. உள்ளே போய் `Cancel` தொட்டதும் உடனே விடவில்லை. பாதி விலைக்குத் தருகிறோம் என்றது. பிறகு மூன்று மாதம் `Pause` செய்கிறீர்களா என்றது. பாஸ் என்றால் இடைநிறுத்தம், மூன்று மாதம் கழித்துத் தானாகத் தொடங்கிவிடும். இரண்டையும் தாண்டிக் கடைசித் திரை வரை போனால்தான் ரத்து. ரத்தானதற்கு மெயில் வந்தது. அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம்.

சந்தாவை ஆப்புக்குள் வாங்காமல் பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால், இடம் வேறு. பிளே ஸ்டோரில் மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions` என்று போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், `Subscriptions`.

அடுத்து யுபிஐ ஆப். சுயவிவரப் பகுதிக்குள் `Autopay` என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திறந்து பார்த்தால் அந்த அம்மா திகைத்துவிட்டார்கள். பாட்டு ஆப்பின் பெயரே அதில் இல்லை. வேறு ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. பல ஆப்களுக்குப் பின்னால் தாய்க் கம்பெனியின் பெயரோ, பணம் வசூலித்துத் தரும் கம்பெனியின் பெயரோதான் பதிவாகியிருக்கும். பெயரை வைத்துத் தேடாதீர்கள். தொகையையும் தேதியையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 149 ரூபாய், மாதாமாதம் 20-ஆம் தேதி. பொருந்தியது.

அதைத் தொட்டதும் இரண்டு விவரம் கண்ணில் பட்டது. மேண்டேட்டின் உச்ச வரம்பு 149 இல்லை, அதைவிடப் பல மடங்கு. அந்த வரம்புக்குள் கட்டணத்தை உயர்த்தினால் மறுபடி உங்கள் பின் நம்பர் தேவைப்படாது. முடிவுத் தேதியோ பல ஆண்டுகள் தள்ளி இருந்தது. "அதுவரைக்கும் நான் இருப்பேனா சார்?" என்று அம்மா சிரித்தார்கள்.

ரத்து செய்யப் போனால் பின் நம்பர் கேட்டது. அம்மா கையை எடுத்துக்கொண்டார்கள். "பின் போட்டா பணம் போயிடும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" உண்மைதான், சொல்லியிருக்கிறேன். இங்கே ஒரு விதிவிலக்கு. அனுமதி கொடுக்கப் பின் கேட்பது போலவே, அனுமதியைத் திரும்பப் பெறவும் கேட்கிறது. வேறு யாரும் நம் மேண்டேட்டை அழித்துவிடக் கூடாது என்பதற்காக. திரையில் `Cancel` அல்லது `Revoke` என்று இருக்கிறதா, இந்தப் பக்கத்தை நாமாகத் திறந்தோமா என்று பார்த்துவிட்டுப் போடலாம். யாராவது போன் செய்து "உங்கள் சந்தாவை ரத்து செய்கிறேன், பின் போடுங்கள்" என்றால் அது மோசடி, போனை வைத்துவிடுங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிடுவதும் வேண்டாம். ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கம் போதும்.

யுபிஐக்குப் பதில் டெபிட் அல்லது கிரெடிட் கார்டு கொடுத்திருந்தால், மேண்டேட் கார்டு கொடுத்த வங்கியிடம் இருக்கும். வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற பெயரில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். அதை விலக்கிக்கொள்ள ஆன்லைன் வசதி தர வேண்டியது வங்கியின் பொறுப்பு. இந்த வசதிக்காகக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது.

பரிசுக் காலம் இன்னும் மீதி இருக்கிறது, இப்போதே ரத்து செய்தால் மீதி மாதங்கள் போய்விடுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரும்பாலான இடங்களில் போகாது, கட்டிய காலம் முடியும் வரை ஓடும். நெட்ஃபிளிக்ஸில் கிஃப்ட் கார்டு தொகை மீதி இருந்தால் அது தீரும் வரை கணக்கு ஓடிவிட்டுத்தான் மூடும். சில இடங்களில் ரத்து செய்த நிமிடமே நின்றுவிடும், மீதிக்குப் பணமும் தர மாட்டார்கள். அதனால் கடைசி உறுதிப் பொத்தானைத் தொடுமுன் அதற்கு மேலே உள்ள வாக்கியத்தைப் படியுங்கள். இந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று இருந்தால் தயங்க வேண்டாம். உடனே நின்றுவிடும் என்று இருந்தால் அங்கே விட்டுவிட்டு, யுபிஐ பக்கம் போய் மேண்டேட்டை மட்டும் ரத்து செய்யுங்கள். பரிசுக் காலத்துக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் அது பாட்டுக்கு ஓடும். முடிந்த பிறகு எடுக்க வழி இருக்காது. காலம் முடிகிற சமயத்தில் ஆப்புக்குள்ளும் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள்.

நமக்கு இருக்கும் பாதுகாப்பு

ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் கார்டு இ-மேண்டேட்டுக்கு விதிகள் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் அதை யுபிஐக்கும் நீட்டித்தது. அதன்படி ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ, மேண்டேட்டையே மொத்தமாகவோ வேண்டாம் என்று விலக அதில் வழி இருக்க வேண்டும். எடுத்த பிறகும் ஒரு அறிவிப்பு வர வேண்டும். பதிவு செய்யும்போது பின் அல்லது ஓடிபி கட்டாயம். அதன் பிறகு சந்தா போன்றவற்றுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் கேட்காமலேயே எடுக்கலாம். முதலில் 2,000 ஆக இருந்த வரம்பு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது.

அம்மாவின் போனில் தேடினோம். ஐந்து முறையும் முன்கூட்டியே மெசேஜ் வந்திருந்தது. ஆங்கிலத்தில், விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில், திறக்கப்படாமல். அதனால் வங்கியின் மேல் குறை சொல்ல முடியவில்லை. பின் போட்டுக் கொடுத்த அனுமதி, முறையாக வந்த அறிவிப்பு. வங்கிக் கணக்கில் இது மோசடி ஆகாது.

ஆனால் கம்பெனியிடம் கேட்க இடம் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் பதின்மூன்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை மறைப்பது, சுற்றிச் சுற்றி அலைக்கழிப்பது, இலவசச் சந்தாவுக்குக்கூட கட்டண விவரமோ ஆட்டோ டெபிட் அனுமதியோ கட்டாயமாகக் கேட்பது, எல்லாம் அதற்குள் வரும். மகன் காசு கொடுத்து வாங்கிய வவுச்சரை இலவசம் என்று சொல்ல முடியாது, அதனால் அந்த வரி நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என்றாலும் அதைக் குறிப்பிட்டு, பரிசுக் காலம் முடிந்த பிறகு ஆப்பை ஒரு நாளும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து ஆப்பின் உதவிப் பக்கத்தில் எழுதினோம். நான்காம் நாள் பதில் வந்தது. கடைசி மாதத்து 149 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். மீதி நான்கு மாதம், 596 ரூபாய், தர மறுத்துவிட்டார்கள்.

கம்பெனி பதிலே தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் பணம் போனாலோ, முன்னறிவிப்பே வராமல் எடுத்தாலோ அது வங்கி பார்க்க வேண்டிய விஷயம். எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ `cms.rbi.org.in` வழியாக ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். ரத்து செய்த ஸ்கிரீன்ஷாட் அப்போதுதான் உதவும்.

கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நாமும் பேரன் பேத்திகளுக்கு வாங்கித் தருகிறோம். தொடர்ந்து எடுக்கும் திட்டமாக வாங்காமல், காலம் குறித்த வவுச்சராக வாங்கிக் கொடுங்கள். அனுப்பும்போது, "கார்டு கேட்டால் கொடுக்காதே, `Skip` இருந்தால் அதைத் தொடு" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். கார்டு கொடுக்காமல் உள்ளே விடவே இல்லையென்றால், பதிவு செய்த அன்றே யுபிஐ பட்டியலுக்குப் போய் மேண்டேட்டை எடுத்துவிடலாம்.

அந்த அம்மா கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 20 தாண்டிய பிறகு மறுபடி பாஸ்புக் என்ட்ரி போட்டு எடுத்து வந்து காட்டினார்கள். கழியவில்லை. அன்று அதே ஆட்டோபே பட்டியலை இன்னும் கீழே தள்ளிப் பார்த்தபோது, காலமான அவர் கணவர் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ தொடங்கி வைத்த இன்னொரு சந்தாவும் அந்தப் போனில் உயிரோடு இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பது. அடுத்த தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதையும் எடுத்துவிட்டோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்கத் தெரியாதவர்கள் போனோடு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். பின் நம்பரை மட்டும் என்னிடம்கூடச் சொல்லாதீர்கள், நீங்களே போடுங்கள்.